வெர்சோவா வீட்டில் ஏசிக்குக் ‘கோட்டிங்’ அடித்து நான் ஏமாந்தது

மும்பையில் மேற்குப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்ததும், “கடல் காத்துல அவுட்டோர் காயில் அரிச்சுப் போயிடும், கோட்டிங் அடிச்சுக்கோங்க” என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். அரித்துப் போகும் என்பது உண்மைதான். என் வீட்டில் அந்தக் கோட்டிங் அடித்ததாலேயே அது இன்னும் சீக்கிரம் அரித்தது.

வெர்சோவாவில் எங்கள் வீடு ஆறாவது மாடி. சமையலறைக்குப் பின்னால் உள்ள சின்ன பால்கனியில் அவுட்டோர் யூனிட் நிற்கிறது. ஒன்றரை டன், இன்வர்ட்டர் இல்லாத பழைய வகை, 2023-இல் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த அக்டோபரில் எங்கள் சொசைட்டியில் நாலைந்து வீடுகளுக்கு ஒரே ஆள் வேலை பார்த்தார். 4,800 ரூபாய், ஐந்து வருட வாரண்டி அட்டை உண்டு என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிறார்களே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் தப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒரு வெள்ளை கேனில் இருந்து ஏதோ திரவத்தைத் தண்ணீரில் கலந்து, காயிலின் மேல் பிரஷ்ஷால் தடவினார். உடனே சரசரவென்று நுரை பொங்கியது. “பாருங்க சார், அழுக்கு எப்படி வெளிய வருது” என்றார். எனக்கும் மனசு நிறைந்துபோனது. அப்புறம் பால்கனியை ஒட்டிய பாத்ரூமில் இருந்து ஒரு குழாயை இழுத்து வந்து கழுவினார். துணியால் முகப்பை ஒற்றி எடுத்து, அரை மணி நேரத்துக்குள் ஸ்ப்ரே கேன் இரண்டை எடுத்துத் தங்க நிறத்தில் அடித்துவிட்டார். சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். காயிலின் பெரிய முகம் அந்தப் பக்கம் இருக்கிறது. கையை வளைத்து நுழைத்து, எட்டிய மட்டும் அடித்தார். மேல் மூடியைக் கழற்றவே இல்லை. பார்க்க ஜம்மென்று இருந்தது.

அடுத்த மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஸர் நின்றுபோக ஆரம்பித்தது. கால் மணி கழித்துத் தானாக ஓடும், மறுபடி நிற்கும். அறை குளிராது, பில் மட்டும் ஏறியது. தாராவியில் முப்பது வருடமாக ஏசி வேலை பார்க்கும் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவரை என் மாமா அனுப்பிவைத்தார். வந்ததும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினார். 9.4 ஆம்பியர் காட்டியது. யூனிட்டின் பெயர்ப்பலகையில் 7.3 என்று போட்டிருந்தது.

“தம்பி, லைட்டை அணைச்சிட்டு இங்க வாங்க” என்று கூப்பிட்டு, மேல் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்து டார்ச் அடித்தார். நல்ல காயிலாக இருந்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாக மறுபக்கம் தெரிய வேண்டும். எங்களுடையதில் பாதி இடத்தில் இருட்டு. முகப்பில் தங்க நிறம், ஒரு விரல் நுனி உள்ளே போனால் வெறும் அலுமினியம், அதன் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. நகத்தால் லேசாக அழுத்தினார், ஃபின் அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. “இதுல சீப்பு போட்டு நிமித்தவும் முடியாது. ஃபினே இல்லையே.”

ஏன் இப்படி ஆகிறது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. காயிலில் ஓடுகிற குழாய் செம்பு, அதைச் சுற்றிக் கோத்திருக்கும் மெல்லிய தகடு அலுமினியம். இரண்டு வெவ்வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும்போது நடுவில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால், அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைந்து போவது எப்போதும் அலுமினியம்தான், செம்பு தப்பித்துவிடும். அதிலும் முதலில் அரிப்பது ஃபின் செம்பைக் கட்டிப் பிடித்திருக்கும் இடம். அந்தப் பிடி தளர்ந்தால் குழாயில் உள்ள சூடு ஃபினுக்குப் போகாது. சூடு வெளியே போக வழியில்லாமல் கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் கூடுதல் கரண்ட் இழுக்கும், கடைசியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். வெளிச் சூடு உச்சத்தில் இருக்கும் பிற்பகல் மூன்று மணிக்கு மட்டும் நின்றதன் ரகசியம் இதுதான்.

கடல் உப்புக்கு இன்னொரு குணம், அது காய்ந்தே கிடக்காது. காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு கசகசவென்று இருக்கும். மும்பை ஈரப்பதத்தில் சொல்லவே வேண்டாம்.

சரி, அந்த நுரை என்ன? “அழுக்கு இல்ல தம்பி, உங்க காயில்தான் பொங்குச்சு” என்றார் அண்ணாச்சி. அலுமினியம் ஆசிட்டிலும் கரையும், காஸ்டிக் சோடாவிலும் கரையும். கரையும்போது ஹைட்ரஜன் வாயு குமிழ் குமிழாக வரும். அதைத்தான் நான் வாய் பிளந்து ரசித்திருக்கிறேன். ஃபின் தகட்டின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதில் எவ்வளவு கரையக் கொடுக்க முடியும்? என் காயில் நீல நிற ‘ப்ளூ ஃபின்’, அதாவது கம்பெனியே பூச்சோடு கொடுத்தது. அந்தப் பூச்சையும் இந்தக் கழுவல் அங்கங்கே எடுத்துவிட்டது. ப்ளூ ஃபினை நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தகட்டுக்கு முதலில் பூச்சு கொடுத்த பிறகுதான் அதை வெட்டித் துளை போடுகிறார்கள். அதனால் வெட்டின விளிம்பில் பூச்சு கிடையாது.

அடுத்தது அந்தக் குழாய். அண்ணாச்சி கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் கட்டடத்தில் சமையலறைக்கு மாநகராட்சித் தண்ணீர், பாத்ரூம் ஃப்ளஷ்ஷுக்கு போர் தண்ணீர். அந்த ஆள் இழுத்து வந்தது ஃப்ளஷ் லைனில் இருந்து. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர், ஆர்.ஓ. மெஷினுக்கு வாங்கியது, வீட்டில் கிடந்தது, எடுத்து அளந்து பார்த்தேன். சமையலறைத் தண்ணீர் 62. ஃப்ளஷ் தண்ணீர் 1,900. உப்பைக் கழுவுவதற்கு உப்புத் தண்ணீர்! அதையும் முழுதாகக் காயவிடாமல் மேலே பெயின்ட் அடித்தால், உப்பும் ஈரமும் பூச்சுக்கு அடியில் நிம்மதியாகக் குடியிருக்கும். ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் அங்கே அரிப்பு ஆழமாக இறங்கும். வெளியே தங்கமாக மின்னிக்கொண்டே உள்ளே பொடியாகிப் போனது அப்படித்தான். போதாததற்கு, கேன் பெயின்ட் ஃபின் இடுக்கில் ஆடையாகப் படிந்து காற்றையும் அடைத்துவிட்டது.

வாரண்டி அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறைதான் எடுத்தார். “கோட்டிங் உரிஞ்சிருக்கா சார்? உரிஞ்சா மறுபடி அடிச்சுத் தரோம். காயிலுக்கு நாங்க பொறுப்பில்ல.” அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஏசி கம்பெனியில் கேட்டால், வெளி ஆள் கெமிக்கல் போட்டதாக போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யூ வளைவுகளில் ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு தெரிந்தது. கேஸ் கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார் அண்ணாச்சி. புதுக் காயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் ஆனது.

கோட்டிங்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. உருப்படியான கோட்டிங் என்றால், முழுக் காயிலையும் தொழிற்சாலையிலேயே சுத்தம் செய்து, எபாக்ஸித் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் படியவைத்து, சூளையில் வேகவைப்பார்கள். ஃபினின் உள்மடிப்பு, விளிம்பு எல்லா இடத்திலும் மெல்லிதாக, ஒரே கனத்தில் ஏறும். சுவரில் மாட்டிய யூனிட்டுக்கு இதைச் செய்யவே முடியாது. புதிதாக வாங்கும்போதுதான் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் வந்து ஸ்ப்ரே அடிப்பது என்றால், அதற்கென்றே உள்ள பூச்சாக இருக்க வேண்டும், காயில் புதிதாக இருக்க வேண்டும், மாட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் அடித்து முழுதாகக் காயவிட வேண்டும். இரண்டு கோடை பார்த்த காயிலுக்கு அரை மணி நேரத்தில் கோட்டிங் என்று யாராவது சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எங்கள் யூனிட்டுக்கு மேலே ஸ்லாப் இருக்கிறது, மழைச் சொட்டுப் படாது. இதை நான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி எதிர் விங்கில் வெட்டவெளியில் நனைந்து கிடக்கும் ஒரு யூனிட்டைக் காட்டினார். அதுவும் ஏறக்குறைய அதே வயசு, காயில் நன்றாகவே இருந்தது. அதை நாலு மாதம் மழை கழுவிவிடுகிறது. என்னுடையதற்கு உப்பு மட்டும் வரும், மழை வராது.

ஆகவே இப்போது கழுவுவது என் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில் எம்சிபியை இறக்கிவிட்டு, மேல் மூடியைக் கழற்றி, எலெக்ட்ரிக் பெட்டிக்கு பாலிதீன் சுற்றிவிட்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுகிறேன். காற்று உப்பைக் கொண்டுவந்து அப்புவது வெளிமுகத்தில், அதனால் எதிர்த்திசையில் தள்ளினால்தான் கழன்று வரும். செடிக்கு ஊற்றுகிற பூவாளி வேகம் போதும். பிரஷர் வாஷர் ஃபினை மடக்கிவிடும். சோப்பு, ஆசிட், வினிகர் எதுவும் கிடையாது. பால்கனியில் நின்றபடி கை எட்டுவதால் நானே செய்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ப்ராக்கெட்டில் தொங்கும் யூனிட் என்றால் தயவுசெய்து எட்டிப் பார்க்காதீர்கள், ஆளைக் கூப்பிட்டு, தண்ணீரை மட்டும் நீங்கள் சமையலறைக் குழாயில் பிடித்துக் கொடுங்கள்.

போதுமா என்று தெரிந்துகொள்ள, அடியில் வடிகிற தண்ணீரை ஒரு மக்கில் பிடித்து டிடிஎஸ் மீட்டரை விடுகிறேன். போன ஞாயிறு முதல் மக் 410, இரண்டாவது 150, நான்காவது 70. குழாய்த் தண்ணீர் 62. நான்காவது மக்கோடு நிறுத்தி மூடியைப் போட்டேன். என் மனைவி, “இவ்வளவு உப்பு நம்ம சாம்பார்ல கூட இல்ல” என்றாள்.