பீரோவில் கிடந்த சோலார் வாட்ச்: பத்து வருடத்துக்குப் பிறகு

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய ஜப்பான் டிஜிட்டல் வாட்ச் இது. சோலார் என்பதால் பேட்டரி மாற்றும் வேலையே கிடையாது என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் ஏழெட்டு வருடம் அது உண்மையாகவும் இருந்தது. கல்யாணத்தில் மாமனார் வீட்டில் வேறு வாட்ச் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து இது டப்பாவோடு பீரோவுக்குள் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் வெளிச்சமே படவில்லை. மறுபடி எடுத்தபோது திரை வெறுமையாக இருந்தது.

வெறும் திரையைப் பார்த்ததும் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த வகை வாட்ச்சுக்குத் தூங்கும் பழக்கம் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் இருட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் திரையை அணைத்துக்கொள்ளும். ஆறேழு நாள் அப்படியே கிடந்தால் இன்னும் ஆழ்ந்து தூங்கும். ஆனால் இரண்டிலும் PS என்ற எழுத்து மட்டும் மூலையில் தெரியும். ஒரு பட்டனை அழுத்தினாலோ வெளிச்சத்தில் காட்டினாலோ விழித்துக்கொள்ளும். என் வாட்ச்சில் PS கூட இல்லை.

கையேட்டில் போட்டிருக்கும் கணக்கு இதுதான்: முழு சார்ஜ் இருந்து, இருட்டில் தூங்கவிட்டால் சுமார் 22 மாதம் தாங்கும். இதில் 'முழு சார்ஜ்' என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தினமும் கட்டினாலும் நம் ஊர் வேலையில் முழு சார்ஜ் ஏறுவது சந்தேகம். வெயிலில் 5 நிமிடம் பட்டால் ஒரு நாள் ஓட்டத்துக்குப் போதும். அதே சார்ஜ் டியூப்லைட் வெளிச்சத்தில் ஏற 8 மணி நேரம் ஆகும். மேக மூட்டமான நாளில் ஜன்னலோரம் வைத்தாலும் 48 நிமிடம் போதும், அது பரவாயில்லை. காலையில் கம்பெனிக்குள் நுழைந்து இருட்டிய பிறகு வெளியே வருகிற ஆள், அதுவும் முழுக்கை சட்டை போட்டவர் என்றால், வாட்ச்சுக்கு வெளிச்சம் எங்கிருந்து கிடைக்கும்? திரையில் சார்ஜ் அளவை H, M, L என்று காட்டும்; H நிறைய, M நடுத்தரம், L குறைவு. பீரோவுக்குள் போகும்போதே என் வாட்ச் M நிலையில்தான் இருந்தது.

சரி, வெயிலில் வைத்துப் பார்ப்போம் என்று கிழக்கு ஜன்னல் கம்பி ஓரம் வைத்தேன். மொட்டை மாடித் தளத்திலோ கார் டாஷ்போர்டிலோ வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் அங்கே ஏறும் சூடு, வாட்ச்சுக்குள் சார்ஜைச் சேர்த்து வைக்கும் செல்லையும் திரையையும் சேர்த்துக் கெடுக்கும். காலை வெயிலில், தொட்டால் கை சுடாத அளவில் வைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் CHARGE கண் சிமிட்டியது. மதியத்துக்குள் எண்கள் வந்தன. நேரத்தை வைத்துவிட்டு, சாயங்காலம் பார்த்தால் H காட்டியது. பரவாயில்லையே என்று விளக்குப் பட்டனை அழுத்தினேன். விளக்கு மங்கலாக ஒரு நொடி எரிந்தது, திரை அணைந்தது, மறுபடி வந்தபோது நேரம் ஆரம்பத்துக்குப் போயிருந்தது.

இந்த ஒன்றிலேயே விஷயம் தெரிந்துவிடும். H, M, L என்று காட்டுவது செல்லுக்குள் எவ்வளவு மின்சாரம் சேர்ந்திருக்கிறது என்பதை அல்ல, அந்த நேரத்து வோல்ட்டேஜை. ரொம்ப நாள் அடிமட்டம் வரை வற்றிக் கிடந்த செல்லில் உள்தடை ஏறிவிடும், கொள்ளளவு சுருங்கிவிடும். அப்படிப்பட்ட செல், மேல் வரை மண் தூர்ந்த கிணறு மாதிரி: நாலு குடம் ஊற்றினாலே விளிம்பு தொடும், நாலு குடம் இறைத்தால் வற்றிவிடும். வெயிலில் வோல்ட்டேஜ் சட்டென்று மேலே ஏறுவதால் H வந்துவிடுகிறது. விளக்கு மாதிரி கொஞ்சம் அதிகம் இழுக்கிற வேலை வந்ததும் சரிகிறது.

இருந்தாலும் சில நாள் விடாமல் ஜன்னலில் வைத்துப் பார்ப்பது நல்லது. வற்றிய செல் சில நேரம் மெதுவாகத் தேறும். தேறுகிறதா என்று பார்க்க, நாள் முழுக்க வெளிச்சம் காட்டிவிட்டு ராத்திரி டிராயருக்குள் வைத்து மூடுங்கள். விடிந்ததும் நேரம் சரியாக இருந்தால் உயிர் இருக்கிறது. என்னுடையது தினமும் காலையில் நேரத்தைத் தொலைத்துவிட்டு நின்றது. சோலார் பேனல் நன்றாக இருக்கிறது, செல்தான் போச்சு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நல்ல வெயிலிலும் எதுவுமே வராவிட்டால்தான் பேனலையோ சர்க்யூட்டையோ சந்தேகப்பட வேண்டும்.

அவிநாசியில் ஒரு கடையில் காட்டினேன். பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "CR1616 அளவுதானுங்க, போட்டுடலாமுங்களா?" என்றார். அளவு ஒன்றேதான், 16 மில்லிமீட்டர் விட்டம், 1.6 கனம். ஆனால் அது சார்ஜ் ஏற்றக் கூடாத 3 வோல்ட் செல். உள்ளே இருந்ததோ CTL1616, 2.3 வோல்ட், சார்ஜ் ஏறுவது. வேண்டாமென்று திரும்பிவிட்டேன். CR1616 போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; ஓடவும் செய்யும். ஆனால் மேலே பேனல் சும்மா இருக்காது, வெயில் பட்டால் அந்தச் செல்லுக்குள்ளும் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். செல் உப்பினாலோ கசிந்தாலோ மாட்யூலே காலி. மிச்சமாவது சில நூறு ரூபாய், அதற்காக இது தேவையில்லை.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒப்பணக்கார வீதிப் பக்கம் ஒரு பெரியவர் மாற்றிக் கொடுத்தார். பழைய செல்லை மீட்டரில் வைத்தார், 2.4 வோல்ட். "நல்லாத்தான காட்டுதுங்ணா?" என்றேன். "சும்மா இருக்கையில எல்லாம் நல்லாத்தான் இருக்குமுங்க தம்பி" என்று ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்தார். சரசரவென 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. புதுச் செல்லில் கொஞ்சம் குறைந்து அப்படியே நின்றது.

புதுச் செல் போட்டதும் திரை வரவில்லை. அவர் பதறவில்லை. உள்ளே AC என்று பொறித்த சின்னத் தொடுபுள்ளியையும் செல்லின் பிளஸ் பக்கத்தையும் இடுக்கியால் இரண்டு நொடி சேர்த்துப் பிடித்தார், எண்கள் வந்துவிட்டன. வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் இங்கேதான் புதுச் செல்லும் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். மூடும்போது ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல், லேசாகச் சிலிக்கான் கிரீஸ் தடவி உட்கார வைக்கச் சொல்லுங்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ குதிக்கிற கை என்றால் இது முக்கியம்.

மாற்றி ஒரு வருடம் தாண்டிவிட்டது. மழை நாளிலும் H-இல்தான் நிற்கிறது. கட்டாத நாளில் டிவி ஸ்டாண்டில் முகம் மேலே பார்க்க வைக்கிறேன், அவ்வளவுதான்.

என் அனுபவத்தைக் கேட்டு அக்கா மகள் அவளுடைய காலேஜ் கால்குலேட்டரை நீட்டினாள். அதிலும் பேனல் இருக்கிறது, மங்கிய வெளிச்சத்தில் அணைகிறது. அதை வெயிலில் வைத்துப் பயனில்லை. அந்த மாதிரிக் கால்குலேட்டரில் இருப்பது LR44 என்கிற சாதா பட்டன் செல். வெளிச்சம் இருக்கும்போது பேனல் ஓட்டும், இல்லாதபோது செல் ஓட்டும். பேனல் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றுவதே இல்லை. புது LR44 போட்டோம், சரியாகிவிட்டது.

அத்தானின் முள் வாட்ச்தான் இப்போது வரிசையில். நொடி முள் இரண்டிரண்டு நொடியாகத் தாவுகிறது. சார்ஜ் குறைவு என்று அது சொல்லும் விதம் அது. ஜன்னலில் வைத்திருக்கிறோம். நாள் முழுக்க வெளிச்சம் பட்டும் ராத்திரிக்குள் மறுபடி தாவ ஆரம்பித்தால் செல் மாற்ற வேண்டியதுதான். அதில் இருப்பது 1.5 வோல்ட் செல், மேலே தகடு பற்றவைத்தே வரும். அந்தத் தகட்டோடு கிடைக்கிற கடை தெரிந்தால் சொல்லுங்க.