பி.வி.ஏ. குப்பியில் முட்டை தேடாதீர்கள்

வேறோர் ஆய்வகத்தில் ஒட்டுண்ணிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டார்: "மலமாதிரியைப் பதப்படுத்தி வைக்க ஃபார்மலின், பி.வி.ஏ. என்று இரண்டு குப்பிகள் எதற்கு? ஒன்றை மட்டும் வாங்கினால் போதாதா?" இரண்டையும் நெடுங்காலமாகப் பக்கத்தில் வைத்துப் புழங்குகிறவன் என்பதால், அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஃபார்மலினைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கண்ணைக் கரிக்கும், மூக்கை அடைக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் காற்றை வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். ஆனால் முட்டை தேடுகிறவனை அது கைவிட்டதில்லை. 10 சதவீத ஃபார்மலின் மூன்று பங்கு, மலம் ஒரு பங்கு என்று எடுத்து, கட்டி கரையும்வரை குச்சியால் கலக்கிவிட்டால், கொக்கிப்புழு முட்டை அதற்குமேல் வளராமல் அந்த நிலையிலேயே நின்றுவிடும். உருண்டைப்புழு முட்டைக்கு ஓடு தடிமன் என்பதால் ஃபார்மலின் உள்ளே இறங்க நேரமாகும். அதுவரை உள்ளே கரு பிரிந்துகொண்டே இருக்கலாம். இதற்காகவே 60 டிகிரிக்குச் சூடாக்கிய ஃபார்மலினை ஊற்றுகிறவர்களும் உண்டு. குப்பியில் போட்டாயிற்று, முட்டை செத்திருக்கும் என்று நம்பிக் கையுறையைக் கழற்றிவிடக் கூடாது.

முட்டைகளைக் குழாயின் அடியில் திரட்டும் செறிவூட்டலிலும் ஃபார்மலின் தொந்தரவு தராது. ஈரத்துணியில் வடிகட்டி, கூம்புக் குழாயில் விட்டு, 500 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட வேண்டும். மிஞ்சிய படிவில் மறுபடியும் ஃபார்மலின் நிரப்பி, மூன்று நான்கு மில்லி எத்தில் அசிடேட் சேர்த்து, மூடியை அழுத்திப் பிடித்து அரை நிமிடம் வேகமாகக் குலுக்கி, மீண்டும் அதே அளவு சுழற்றினால் நான்கு அடுக்குகள் தெளிவாகத் தெரியும். மேலே எத்தில் அசிடேட், அதற்குக் கீழே கொழுப்பும் சக்கையும் சேர்ந்த அடைப்பு, பிறகு ஃபார்மலின், அடியில் நாம் தேடும் படிவு. குச்சியை அடைப்பின் விளிம்பு நெடுக ஒரு சுற்றுச் சுற்றி அதை விடுவித்து, மேலிருப்பவற்றை ஒரே வீச்சில் கொட்டி, குழாயின் உட்சுவரைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இனி பி.வி.ஏ. பாலிவினைல் ஆல்கஹால் என்ற அந்தப் பிசினுக்குப் பதப்படுத்தும் சக்தி கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பதப்படுத்துவது அதோடு கலந்திருக்கும் ஷௌடின் திரவம். பழைய வாய்பாட்டில் மெர்குரிக் குளோரைடு, புதியவற்றில் துத்தநாக சல்பேட். பிசினுக்கு ஒரே வேலைதான்: மலத்தைச் சிலைடில் ஒட்ட வைப்பது. புரூக், கோல்ட்மன் இருவரும் 1949-இல் இந்தக் கலவையை அறிமுகப்படுத்தினார்கள். தளர்ந்த மலத்தில் இருக்கும் அமீபா சிதைவதற்குள் அதைப் பிடித்து வைத்து, பிறகு ஆற அமரச் சாயமேற்றிப் பார்க்கும் வசதி அதனால் கிடைத்தது. அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

எனக்குக் கோபம் வருவது அந்த ஒட்டும் குணம் வேண்டாத இடத்திலும் ஒட்டுகிறதே என்பதில்தான். பி.வி.ஏ. மாதிரியைச் செறிவூட்டிப் பாருங்கள். வடிதுணியில் கொழகொழவென்று நிற்கும். நிறைய உப்புநீர் விட்டுக் கழுவினாலும் மேல்நீர் கலங்கலாகவே இருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் சாட்டைப்புழு முட்டை ஃபார்மலினில் கிடைக்கும் அளவுக்குக் கிடைக்காது. ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் சிஸ்ட்டுக்கும் இதே கதிதான். ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் புழுவின் இளம்பருவமோ, கிடைத்தாலும் உருவம் தெளிவாக இருக்காது. பி.வி.ஏ. படிவில் ஒன்றும் இல்லை என்றால், அந்த மலத்திலேயே ஒன்றும் இல்லை என்று எழுதிவிட முடியாது. என்னை உறுத்துவது இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சளி கலந்த தளர்ந்த மலம் ஒன்று, ஒரே நேரத்தில் எடுத்து இரண்டு குப்பிகளிலும் பிரித்துப் போட்டு வந்தது. ஃபார்மலின் படிவில், கவர்சிலிப்புக்கு ஒன்றிரண்டு என்ற கணக்கில் சாட்டைப்புழு முட்டைகள் தெரிந்தன: பழுப்பு நிறம், இரு முனையிலும் வெளிர்ந்த அடைப்பு வைத்த சிறு பீப்பாய். பி.வி.ஏ. படிவில் கவர்சிலிப்பை மாற்றி மாற்றிப் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. லேசான தொற்று என்றால் இப்படித்தான் தப்பிப்போகிறது.

ஆனால் அதே பி.வி.ஏ. குப்பியிலிருந்து ட்ரைக்ரோம் சாயமேற்றிய சிலைடும் போட்டோம். அதற்கொரு முறை இருக்கிறது. குப்பியை நன்றாகக் கலக்கி, பல மடிப்பாக வைத்த உறிஞ்சுதாளில் கொஞ்சம் ஊற்றி, மூன்று நிமிடம் சும்மா விட வேண்டும். மிகுதியான பிசினைத் தாள் குடித்துவிடும். தாளின் மேல் தங்கியதைக் குச்சியால் வழித்து, சிலைடின் விளிம்புவரை படரும்படி மெல்லியதாகத் தடவி, 37 டிகிரியில் இரவு முழுக்கக் காயவிட வேண்டும். தாளில் ஊற்றாமல் நேரே சிலைடில் சொட்டு விடுகிறவர்களும், ஈரம் காயும் முன்பே சாயத்தில் இறக்குகிறவர்களும் கடைசியில் வெறும் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள்; பூச்சு ஆல்கஹாலிலேயே உரிந்து போய்விடும். பாதரசக் கலவையாக இருந்தால் 70 சதவீத ஆல்கஹாலில் அயோடின் கலந்து முதலில் அதில் வைக்க வேண்டும். அந்த அயோடின் நிறம் வெளுத்துப்போன பழசாக இருந்தால், சிலைடெங்கும் கறுத்த ஊசிப் படிகங்கள் நின்று கண்ணை மறைக்கும். சாயமேற்றல் கெட்டுவிட்டது என்று எண்ணுமுன் அயோடினை மாற்றிப் பாருங்கள்.

சரியாக வந்த சிலைடில் அன்று தெரிந்தது டைஎன்டமீபா என்ற ஒற்றைச்செல் குடல் ஒட்டுண்ணி. நீலப்பச்சையில் உடல், செவ்வூதாவில் இரண்டு உட்கருக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் துண்டுதுண்டாகப் பிரிந்த சிறு மணிகள். உட்கருவின் உள்ளமைப்பை இவ்வளவு துல்லியமாகக் காட்ட ஃபார்மலினால் முடியவே முடியாது. அதன் படிவில் இந்த உயிரியின் சுவடுகூட இல்லை. ஃபார்மலின் மாதிரியில் ட்ரைக்ரோம் போட முயல்வது வீண். சிலைடில் பிடிக்காது, நகர்ந்து இரை தேடும் பருவமான டிராஃபோசோயிட்டும் தேறாது. அமில எதிர்ப்புச் சாயம் மட்டும் அதில் நன்றாகவே ஏறும். கிரிப்டோஸ்போரிடியம் தேட ஃபார்மலின் படிவே போதும். எதிர்ப்பொருள் அடிப்படையிலான கிட்டுகள் பலவும் ஃபார்மலின் மாதிரியை ஏற்கும், பி.வி.ஏ.வை ஏற்காது.

பாதரசம் கலந்த பி.வி.ஏ.வின் கழிவை எங்கே கொட்டுவது என்ற தலைவலியால் பலரும் துத்தநாகத்துக்கு மாறிவிட்டார்கள். நாங்களும் மாறினோம். அயோடின் படி தேவைப்படாமல் போனது நிம்மதி. ஆனால் உட்கருவின் விளிம்பு முன்புபோல் கூர்மையாக இல்லை என்பதை மறைக்க மாட்டேன். பாதரசச் சிலைடைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குறையாகவே படும்.

நண்பருக்கு என்ன சொன்னேன்? அவரிடம் வருபவை பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் புழு முட்டைக் கணக்கெடுப்பு மாதிரிகள். ஃபார்மலின் மட்டும் வாங்குங்கள், பி.வி.ஏ.வை விட்டுவிடுங்கள் என்றேன். இப்போதுதான் சிலைடைப் பற்றி அவ்வளவு புகழ்ந்தாயே என்று கேட்டார். புகழ்ந்தது உண்மைதான், ஆனால் அவருக்கு வேண்டியது முட்டை, முட்டைக்குப் பி.வி.ஏ. உதவாது. நாள்பட்ட வயிற்றுப்போக்கு என்று எழுதிய சீட்டோடு, தளர்ந்த மாதிரி வரும் நாளுக்காக ஒரு சிறு பெட்டி துத்தநாகப் பி.வி.ஏ. அலமாரியில் இருக்கட்டும் என்றும் சொன்னேன். அதன் மூடியில் "சாயத்துக்கு மட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.