பிளாக் டயகிராமிலிருந்து H(z)-க்கு நான்கு வழிகள்: ஒரே படத்தில் போட்டுப் பார்ப்போம்

டிலே, ஆடர், கெயின் மூன்றும் கலந்த ஒரு பிளாக் டயகிராமைக் கொடுத்து வேறுபாட்டுச் சமன்பாடு எழுதச் சொன்னால், பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்தபடியே நேராக `y[n] =` என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாடத்தில் முதலில் வரும் டைரக்ட் ஃபார்ம் படங்களுக்கு அது சரியாகவே வரும், அதனால் அதுவே பழக்கமாகிவிடும். லூப்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட படம் வந்ததும் அதே பழக்கம் தப்பான விடையைத் தரும், பார்த்தால் தப்பென்றே தெரியாது. அதனால் அப்படிப் பின்னிய ஒரு படத்தையே எடுத்து எல்லா வழியிலும் போட்டுப் பார்க்கிறேன்.

படம் இதுதான். இரண்டு ஆடர்கள், இரண்டு டிலேக்கள். முதல் ஆடரின் வெளியீடு p, இரண்டாவதன் வெளியீடு q. ஒவ்வொன்றும் ஒரு டிலே வழியாகப் போய், 0.8 கெயினோடு தன் ஆடருக்கே திரும்புகிறது. அது போக, தாமதித்த p 0.4 கெயினோடு இரண்டாவது ஆடருக்கும், தாமதித்த q −0.4 கெயினோடு முதல் ஆடருக்கும் குறுக்கே போகின்றன. உள்ளீடு x முதல் ஆடரில் நுழைகிறது, வெளியீடு y என்பது q-தான். கோல்டும் ரேடரும் டிஜிட்டல் ஃபில்டருக்காக முன்வைத்த கப்பிள்டு ஃபார்ம் இது.

கண்ணால் படிப்பது

டைரக்ட் ஃபார்ம் II-இல் ஃபீட்பேக் கெயின்களை எடுத்து, குறியை மாற்றி, பகுதியில் எழுதினால் வேலை முடிந்தது. கெயின் 1.6 என்றால் பகுதியில் `-1.6z^-1`. இந்தக் குறி மாற்றத்தை மறப்பதுதான் அங்கே நடக்கும் வழக்கமான பிழை. அதே கண்ணோடு நம் படத்தைப் பார்த்தால் மூன்று லூப் தெரியும்: p தன்னையே சுற்றும் `0.8z^-1`, q தன்னையே சுற்றும் `0.8z^-1`, இரண்டையும் சுற்றி வரும் `-0.16z^-2`. மூன்றையும் கூட்டி 1-லிருந்து கழித்தால்:

```
1 - 1.6z^-1 + 0.16z^-2
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் போல்கள் 1.493, 0.107. ஒன்று அலகு வட்டத்துக்கு வெளியே கிடக்கிறது, அதாவது இந்த ஃபில்டர் நிலையற்றது என்கிறது இந்த விடை. உண்மையில் இது நன்றாக அடங்கும் ஃபில்டர். எங்கே தவறியது என்பதைக் கீழே மேசனின் சூத்திரத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

n-இலேயே எழுதி நீக்குவது

ஒவ்வொரு ஆடருக்கும் ஒரு சமன்பாடு எழுதுங்கள். ஆடருக்குள் என்னென்ன வருகிறதோ அதைக் கூட்டினால் போதும், வேறெதுவும் யோசிக்க வேண்டாம்.

```
p[n] = x[n] + 0.8 p[n-1] - 0.4 q[n-1]
q[n] = 0.4 p[n-1] + 0.8 q[n-1]
```

இதுவரை தப்பு செய்யவே வழியில்லை. சிக்கல் p-ஐ நீக்கும்போது வருகிறது. `p[n]`-உம் `p[n-1]`-உம் இங்கே இரண்டு தனித்தனி மாறிகள் மாதிரி நிற்கின்றன, ஒன்றை நீக்கினாலும் இன்னொன்று மிஞ்சும். இரண்டாவது சமன்பாட்டிலிருந்து `p[n-1]`-ஐ எடுத்து, அதையே ஒரு சாம்பிள் முன்னே தள்ளி `p[n]`-ஐயும் எடுக்க வேண்டும்:

```
p[n-1] = (q[n] - 0.8 q[n-1]) / 0.4
p[n]   = (q[n+1] - 0.8 q[n]) / 0.4
```

`q[n+1]` வந்ததும் எதிர்கால சாம்பிள் தேவைப்படுகிறதே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை. இரண்டையும் முதல் சமன்பாட்டில் போட்டு, 0.4-ஆல் பெருக்கி, கடைசியில் எல்லா n-ஐயும் n−1 ஆக மாற்றினால்:

```
y[n] = 1.6 y[n-1] - 0.8 y[n-2] + 0.4 x[n-1]
```

விடை சரி. ஆனால் இரண்டு டிலேக்கே இரண்டு முறை நகர்த்த வேண்டியிருந்தது. நான்கு டிலே உள்ள படத்தில் இதைச் செய்தால், எதை எத்தனை சாம்பிள் நகர்த்தினோம் என்ற கணக்கு கட்டாயம் கைநழுவும்.

அதே சமன்பாடுகள், z-இல்

என் கையில் தாள் மட்டும் இருந்தால் நான் எப்போதும் எடுப்பது இதைத்தான். ஆடர் சமன்பாடுகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிலேயையும் `z^-1` ஆக்கிவிடுங்கள். டிலேக்கள் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்குவதாகத்தான் கணக்கு.

```
(1 - 0.8z^-1) P = X - 0.4z^-1 Q
(1 - 0.8z^-1) Q = 0.4z^-1 P
```

`p[n]`-உம் `p[n-1]`-உம் தனித்தனியாக நின்ற தொல்லை போய்விட்டது, இப்போது இருப்பது ஒரே P. இரண்டாவதை `(1 - 0.8z^-1)`-ஆல் பெருக்கி, வலப்பக்கம் வரும் `(1 - 0.8z^-1)P` இருக்கும் இடத்தில் முதல் சமன்பாட்டைப் போட்டால்:

```
(1 - 0.8z^-1)^2 Q = 0.4z^-1 X - 0.16z^-2 Q

H(z) = 0.4z^-1 / (1 - 1.6z^-1 + 0.8z^-2)
```

குறுக்குப் பெருக்கல் செய்து ஒவ்வொரு `z^-1`-ஐயும் ஒரு சாம்பிள் தாமதமாகத் திரும்ப எழுதினால் மேலே கிடைத்த வேறுபாட்டுச் சமன்பாடே வரும். போல்கள் 0.8 ± j0.4, அளவு 0.894, அலகு வட்டத்துக்குள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பெயர் வைப்பது ஆடரின் வெளியீட்டுக்கு. கெயினுக்குப் பின்னால் ஒன்று, டிலேக்குப் பின்னால் ஒன்று, கிளை பிரியும் இடத்தில் இன்னொன்று என்று கண்ட இடத்திலெல்லாம் பெயர் வைத்தால் கணக்கு தப்பாகாது, ஆனால் தேவையில்லாமல் ஏழெட்டு மாறி சேர்ந்துவிடும். கிளை பிரியும் புள்ளியில் சிக்னல் மாறுவதே இல்லை, அதனால் அங்கே புதுப்பெயருக்கு வேலை இல்லை. கடைசியில் பகுதியின் படி டிலேக்களின் எண்ணிக்கையைத் தாண்டினால், தொகுதியிலும் பகுதியிலும் பொதுவான காரணி ஒன்றை அடிக்காமல் விட்டிருக்கிறீர்கள், இல்லை கணக்கில் பிழை இருக்கிறது.

மேசனின் சூத்திரம்

எம்.ஐ.டி.யில் இருந்த சாமுவேல் மேசன் 1953-லும் 1956-லும் எழுதிய கட்டுரைகளிலிருந்து வந்தது. சமன்பாடே எழுதாமல் லூப்களையும் நேர்ப்பாதைகளையும் எண்ணி விடையை எழுதிவிடலாம். பகுதிக்கு வரும் கோவை: 1, கழித்தல் எல்லா லூப்களின் கூட்டுத்தொகை, கூட்டல் ஒன்றையொன்று தொடாத லூப் ஜோடிகளின் பெருக்கல்கள், கழித்தல் தொடாத மூன்று மூன்றின் பெருக்கல்கள், இப்படியே போகும். 'தொடாத' என்றால் இரண்டுக்கும் பொதுவான நோடு ஒன்றுகூட இல்லை என்று பொருள்.

நம் படத்தில் p-ஐச் சுற்றும் லூப்பும் q-ஐச் சுற்றும் லூப்பும் தொடுவதில்லை. அவற்றின் பெருக்கல் `0.64z^-2`. கண்ணால் படித்தபோது விட்டுப்போனது இதுதான். அதைச் சேர்த்தால் 0.16 + 0.64 = 0.8, விடை பொருந்திவிடுகிறது. தொகுதிக்கு ஒரே நேர்ப்பாதை, `0.4z^-1`. அது p, q இரண்டையும் தொட்டுப் போவதால் அதன் துணைக்காரணி 1.

டைரக்ட் ஃபார்ம் II-ஐக் கண்ணால் படித்தால் ஏன் சரியாக வருகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அங்கே எல்லா லூப்களும் ஒரே ஆடர் வழியாகப் போகின்றன, தொடாத ஜோடியே கிடையாது. ஆகவே கண்ணால் படிப்பது தனி முறை அல்ல, மேசன் சூத்திரத்தின் முதல் வரி மட்டும்தான் அது. எல்லா லூப்களும் ஒரே ஆடரில் கூடும் படமா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் தைரியமாகக் கண்ணால் படிக்கலாம். இல்லையென்றால், மூன்று நான்கு லூப்களுக்கு மேல் போகும் படத்தில் மேசனை நான் நம்பிக் கையில் எடுக்க மாட்டேன். சூத்திரத்தில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு லூப் கண்ணில் படாமல் போனாலும் அது போனது என்று காட்ட அந்த முறைக்குள் எதுவும் இல்லை. ஆடர் சமன்பாட்டில் ஒரு வரி குறைந்தால் ஒரு மாறி மிஞ்சி உடனே தெரிந்துவிடும்.

மேட்ரிக்ஸ்

படம் பெரிதென்றால் ஸ்டேட் ஸ்பேஸுக்குப் போய்விடலாம். ஒவ்வொரு டிலேயின் வெளியீடும் ஒரு ஸ்டேட். இங்கே s1 = p[n-1], s2 = q[n-1].

```python
from scipy.signal import ss2tf
A = [[0.8, -0.4], [0.4, 0.8]]
B = [[1], [0]]
C = [[0.4, 0.8]]
D = [[0]]
num, den = ss2tf(A, B, C, D)
```

`den` 1, −1.6, 0.8 என்று வரும், `num` 0, 0.4, 0. பூஜ்யத்துக்குப் பதில் 1e-16 மாதிரி ஏதாவது தெரிந்தால் அது ரவுண்டிங் பிழை, பொருட்படுத்த வேண்டாம். கவனிக்க வேண்டிய இடம் C. y என்பது q[n], s2 என்பது q[n-1]. அவசரத்தில் C-ஐ `[0, 1]` என்று போட்டால் பகுதி சரியாகவே வரும், தொகுதி மட்டும் `0.4z^-2` ஆகி வெளியீடு ஒரு சாம்பிள் பிந்திவிடும். போல்களை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

எந்த வழியில் போனாலும் ஐந்து சாம்பிள்

x-ஆக ஒரு இம்பல்ஸைக் கொடுத்து, படத்தின் ஆடர்களையே சாம்பிள் சாம்பிளாக ஓட்டுங்கள்: q = 0, 0.4, 0.64, 0.704, 0.6144. நமக்குக் கிடைத்த வேறுபாட்டுச் சமன்பாட்டிலும் அதே ஐந்தும் வருகின்றன. 0.16 வைத்த தப்பான விடையை ஓட்டினால் 0, 0.4, 0.64, அப்புறம் 0.96. முதல் மூன்றும் பொருந்துகின்றன! இரண்டு மூன்று சாம்பிளோடு நிறுத்தினால் தப்பு தப்பித்துவிடும். இரண்டாம் படி H(z)-இல் தொகுதியில் மூன்று, பகுதியில் இரண்டு, ஆக ஐந்து கெழுக்கள். n = 0 முதல் 4 வரை ஐந்து சாம்பிளும் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே சார்புதான், வேறாக இருக்க முடியாது. N-ஆம் படிக்கு 2N+1 சாம்பிள் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று, H(z) கிடைத்துவிட்டது என்பதற்காகப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஒற்றைச் சமன்பாட்டையே கோடில் எழுதிவிடக் கூடாது. ஃப்ளோட்டில் ஓடினால் பெரும்பாலும் பரவாயில்லை. குறைந்த பிட்டுகளில் கெழுக்களை வைக்கும் ஃபிக்ஸட் பாயின்டில், அதுவும் போல்கள் z = 1 பக்கம் இருந்தால், டைரக்ட் ஃபார்மின் கெழு ரவுண்டிங்கில் சிறிது மாறினாலே போல் கணிசமாக நகரும். கப்பிள்டு ஃபார்மில் 0.8-உம் 0.4-உம் நேராகவே போலின் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி. அதனால் போல் நகர்வதும் அந்த ரவுண்டிங்கின் அளவுக்கு மட்டும்தான். அதற்காகத்தான் இரண்டு பெருக்கல் போதுமான இடத்தில் நான்கு பெருக்கலோடு அந்தப் படத்தை வரைந்திருக்கிறார்கள்.