பழைய டிவியைக் கொடுக்கும்முன்: ரீசெட் எதை அழிக்கும், எதைத் தொடாது

இந்த முறை ஊருக்குப் போனபோது அப்பா அம்மாவின் பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினோம். டெலிவரி சொன்ன நேரத்துக்கு வந்தது. சுவரில் மாட்ட வந்த பையன் துளை போட்ட தூசியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தான். சேவைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன், பழைய டிவியை எடுத்துக்கொண்டு போகும் விதத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

பெற்றோர் வீட்டு டிவியில் ஓடுவது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கணக்குதான். எங்கள் வீட்டிலும் அப்படியே. கூகுள் கணக்கு என்னுடையது, நெட்ஃபிளிக்ஸ் என்னுடையது, டிவி சும்மா இருக்கும்போது ஓடும் படங்கள் என் கூகுள் போட்டோஸில் இருப்பவை. டிவி அவர்களுடையது, அதற்குள் இருப்பதோ என் விவரம்.

“ரீசெட் பண்ணிட்டேன் மேடம், எடுத்துக்கலாமா?” என்றான் பையன்.

“ஒரு தடவை ஆன் பண்ணிக் காட்டுங்க தம்பி.”

ஆன் செய்தான். நேராக முகப்புத் திரை வந்தது, மேலே ஓரத்தில் என் புகைப்படத்தோடு. அவன் பொய் சொல்லவில்லை. படத்தின் வெளிச்சம், நிறம் இவற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் ரீசெட்டைத்தான் செய்திருந்தான். பிக்சர் மெனுவில் ஒன்று, சவுண்ட் மெனுவில் ஒன்று என்று அப்படிச் சின்னச் சின்ன ரீசெட்கள் டிவியில் உண்டு. அவை எந்தக் கணக்கையும் தொடாது. நமக்கு வேண்டியது முழு ரீசெட். அது முடிந்தால் டிவி முகப்புக்கு வராது. மொழியைத் தேர்ந்தெடு, ரிமோட்டை இணை என்று புது டிவி கேட்பதுபோல் கேட்கும். அந்தத் திரையைக் கண்ணால் பார்க்காமல் டிவியை வாசல் தாண்ட விடக்கூடாது.

எங்களுடையது கூகுள் டிவி. அதில் போக வேண்டிய வழி இது:

```
Settings > System > About > Factory reset > Erase everything
```

பழைய ஆண்ட்ராய்டு டிவிகளில் System இருக்கும் இடத்தில் Device Preferences என்று இருக்கும். சாம்சங் டிவியில் General பிரிவுக்குள் Reset. அது பின் எண் கேட்கும், யாரும் மாற்றாமல் இருந்தால் 0000. எல்ஜியில் Reset to Initial Settings என்று தேடுங்கள். மாடலுக்கு மாடல் ஒரு படி முன்பின் இருக்கும். ரீசெட் ஓடும்போது திரை கறுத்து, டிவி தானாக அணைந்து எழும். செத்துப்போய்விட்டது என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? டிவியின் சேமிப்பில் இயங்குதளத்துக்கு ஒரு பகுதி, நம் தரவுக்கு ஒரு பகுதி. ரீசெட் காலி செய்வது இரண்டாவதை. கூகுள் உள்நுழைவு, நாம் நிறுவிய ஆப்கள், ஒவ்வொரு ஆப்பும் வைத்திருந்த உள்நுழைவுச் சாவி, வைஃபை கடவுச்சொல், இணைத்த புளூடூத் ஹெட்போன், சேனல் வரிசை, குழந்தைப் பூட்டு, பிரௌசரில் தேடியவை எல்லாம் அதோடு போய்விடும். இயங்குதளத்துக்கு வந்த அப்டேட்கள் அப்படியே இருக்கும். டிவி வாங்கிய நாளின் மென்பொருளுக்குத் திரும்பாது. வரிசை எண்ணும் நெட்வொர்க் முகவரியும் வன்பொருளோடு பிறந்தவை, மாறாது.

அழிந்தது உண்மையில் அழிந்ததா என்பது டிவியின் வயதைப் பொறுத்தது. 2015-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆண்ட்ராய்டு போன்களை வாங்கி, ரீசெட்டுக்குப் பிறகும் அவற்றிலிருந்து கூகுள் உள்நுழைவுச் சாவிகளை மீட்டுக் காட்டினார்கள். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து, அந்தப் பதிப்போடு புதிதாக வெளியாகும் கருவிகளில் டிவி உட்பட எல்லாவற்றிலும் தரவைக் குறியாக்கம் செய்து வைப்பதைக் கூகுள் கட்டாயமாக்கியது. அங்கே ரீசெட் செய்தால் குறியாக்கச் சாவியே போய்விடும், மிச்சம் இருப்பதை யாராலும் படிக்க முடியாது. அதற்கு முந்தைய டிவி என்றால் அந்த உறுதி கிடையாது. பழைய டிவியை வாங்குகிறவர் சிப்பைக் கழற்றி ஆராய்வார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த உள்நுழைவுச் சாவிகளைச் செல்லாததாக்க எளிய வழி இருக்கும்போது ஏன் விட்டுவைக்க வேண்டும்?

அந்த வழி டிவியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ரீசெட் டிவியை மறக்கவைக்கும்; சர்வர் மறக்காது. நெட்ஃபிளிக்ஸில் Manage Access and Devices பக்கத்தைத் திறந்தால் எந்தக் கருவி கடைசியாக எப்போது பார்த்தது என்று வரும், அங்கேயே வெளியேற்றலாம். கூகுளில் Security பகுதியின் Your devices பட்டியலில் டிவியைத் தேடி Sign out கொடுக்க வேண்டும். கூகுள் ஹோம் ஆப்பில் டிவியைச் சேர்த்திருந்தால் அங்கிருந்தும் நீக்குங்கள். இதை ரீசெட்டுக்கு முன் செய்வதே நல்லது, டிவி இன்னும் நம் வீட்டில், பெயரோடு பட்டியலில் இருக்கும்போது. ஒரே மாதிரி இரண்டு டிவி பட்டியலில் வந்தால் எது எது என்று அப்போதுதான் சரிபார்க்க முடியும்.

பார்த்தவற்றின் வரலாறும் இப்படித்தான். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் வரலாறு கணக்கில் இருக்கிறது. டிவியை அழித்தாலும் அது குறையாது. அப்பாவுக்கு இது நிம்மதி, புது டிவியில் நுழைந்ததும் அவர் பாதியில் விட்ட தொடர் அதே இடத்தில் காத்திருந்தது. ஆனால் திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு தயாரிப்பாளருக்கு அனுப்பும் வசதியை யாராவது எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தால், ஏற்கெனவே போன தகவலை ரீசெட் திரும்பக் கொண்டுவராது. எல்ஜியில் அதற்கு Live Plus என்று பெயர், சாம்சங்கில் Viewing Information Services.

பின்பக்க யூஎஸ்பி துளையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். அம்மா பேரன் பிறந்தநாள் வீடியோவைப் பார்க்கச் செருகிய பென்டிரைவ் எங்கள் டிவியில் அப்படியே இருந்தது. ரீசெட் அதைத் தொடாது. டிவியின் கூடுதல் சேமிப்பாக மாற்றிய பென்டிரைவ் என்றால் கதை தலைகீழ்: அதைத் திறக்கும் சாவி டிவிக்குள் இருப்பதால், ரீசெட்டுக்குப் பிறகு நமக்கே படிக்க வராது. செட்டாப் பாக்ஸும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் தனிக் கருவிகள். கொடுப்பதாக இருந்தால் அவற்றுக்குத் தனி ரீசெட்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. ரீசெட் முடிந்து மொழித் திரை வந்ததும், “யூடியூப் ஓடுதான்னு செக் பண்ணணும் மேடம், ஐடி போடுங்க” என்றான் பையன். மறுத்துவிட்டேன். மறுபடி உள்நுழைந்தால் அழித்ததெல்லாம் திரும்ப வந்து உட்காரும். கூகுள் டிவியில் கணக்கும் இணையமும் இல்லாமல் வெறும் டிவியாகத் தொடங்க Set up basic TV என்ற தேர்வு இருக்கிறது. அதில் போய்ச் செட்டாப் பாக்ஸை எச்டிஎம்ஐ-யில் செருகினேன், படம் வந்தது, ஒலி வந்தது. அவனுக்குச் சோதிக்க வேண்டியது அதற்குமேல் எதுவும் இல்லை. நீங்கள் விற்கிறீர்கள் என்றால் ஆப் ஓடுவதை ரீசெட்டுக்கு முன்பே வாங்குகிறவருக்குக் காட்டிவிடுங்கள்.

திரை உடைந்து மெனுவே தெரியாத டிவியாக இருந்தாலும் கணக்குப் பக்கத்து வேலையைப் போனிலேயே முடித்துவிடலாம். அதற்கு ஊருக்கு வர வேண்டும் என்றுகூட இல்லை.