ஆள் கணக்கா, சதுர அடிக் கணக்கா: தேயிலைத் தொழிற்சாலையின் பொதுச் செலவைப் பங்கிடும் இரு வழிகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் மாதக் கணக்கை முடிக்கும்போது, எந்தப் பிரிவின் பெயரிலும் நேரடியாக எழுத முடியாத செலவுகள் சில எஞ்சி நிற்கும். கட்டடக் காப்பீடு, சொத்து வரி, மழைக்கு முன் செய்த கூரைப் பழுது, தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேன், கேன்டீன் போன்றவை அவை. இவற்றைப் பிரிவுகளுக்குப் பங்கிட ஆள் எண்ணிக்கையை எடுப்பதா, தரைப்பரப்பை எடுப்பதா என்ற கேள்விக்கு, யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அது ஏன் என்பதை ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உடனே விளங்கும்.

நான்கு பிரிவுகள் கொண்ட ஒரு தொழிற்சாலையில் மாதப் பொதுச் செலவு ரூ. 1,86,000 என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறிகளுக்கும் அரைக்கும் இயந்திரங்களுக்கும் தனி மீட்டர் இருப்பதால் அவற்றின் மின்கட்டணம் இதில் சேராது.

| பிரிவு | ஆட்கள் | சதுர அடி | ஆள் கணக்கில் (ரூ.) | பரப்புக் கணக்கில் (ரூ.) |
|---|---|---|---|---|
| வாட்டுதல் | 6 | 9,600 | 23,250 | 87,529 |
| அரைத்தல், உலர்த்துதல் | 14 | 5,400 | 54,250 | 49,235 |
| தரம் பிரித்தல் | 9 | 3,000 | 34,875 | 27,353 |
| பேக்கிங் | 19 | 2,400 | 73,625 | 21,882 |
| மொத்தம் | 48 | 20,400 | 1,86,000 | 1,85,999 |

நடுவிலுள்ள இரு பிரிவுகளுக்கும் எந்த வழியிலும் பெரிய மாற்றமில்லை. சண்டையெல்லாம் வாட்டுதலுக்கும் பேக்கிங்குக்கும் இடையில்தான். பச்சைத் தேயிலையின் ஈரம் இறங்க 12 முதல் 18 மணி நேரம் வரை அதைப் பரப்பிக் காற்றோட்டத்தில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், வாட்டும் தளம் பிரிவுகளின் மொத்தப் பரப்பில் ஏறக்குறையப் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இலையைக் கொட்டிப் பரப்பவும் வாரவும் ஆறு பேர் போதும். பேக்கிங் அதற்கு நேர்மாறானது. ஆகவே ஆள் கணக்கைச் சொன்னால் பேக்கிங் மேற்பார்வையாளரும், பரப்புக் கணக்கைச் சொன்னால் வாட்டுதல் மேற்பார்வையாளரும் கணக்கு அறைக்கு வந்து நிற்பார்கள். “சார், எங்க பக்கம் இருக்கிறதே ஆறு பேர், நாங்க எத்தனை டீ குடிச்சிருப்போம்?” என்பது நான் கேட்ட வாதம். கேன்டீன் செலவைப் பொறுத்தவரை அது நியாயமான வாதமும்கூட.

ஆள் கணக்கின் வசதி, எண்ணிக்கை வருகைப் பதிவேட்டிலேயே கிடைத்துவிடுகிறது என்பதுதான். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இலை வரத்து கூடும் மாதங்களில் பேக்கிங்குக்குத் தற்காலிக ஆட்கள் வருவார்கள் என்பதால், மாதக் கடைசி நாளின் எண்ணிக்கையை எடுப்பவருக்கு ஒரு தொகையும் முதல் நாளின் எண்ணிக்கையை எடுப்பவருக்கு வேறொரு தொகையும் கிடைக்கும். மேலுள்ள 19 என்பது தலைகளை எண்ணி வந்ததன்று. பேக்கிங்கின் 475 ஆள்நாட்களை 25 வேலை நாட்களால் வகுத்து வந்தது. பரப்புக் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை அளந்தால், சுவர் எழுப்பும்வரை அல்லது ஒரு பிரிவு இடம் மாறும்வரை மாறாது.

என் கருத்தில் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே பிழை. சி.ஏ.எஸ்.-3 என்னும் இந்தியச் செலவுக் கணக்கியல் தரநிலை, மேற்செலவைக் காரண-விளைவுத் தொடர்பு அல்லது பெற்ற பயன் என்ற அடிப்படையில் ஒதுக்கச் சொல்கிறது. காப்பீடு, வரி, கூரை ஆகியவை இடத்தால் வருகிற செலவு. வேன், கேன்டீன் ஆகியவை ஆட்களால் வருகிற செலவு. முதல் வகை ரூ. 1,02,000, இரண்டாவது ரூ. 84,000 என்றால், சதுர அடிக்கு 5 ரூபாயும் ஆளுக்கு 1,750 ரூபாயும் விழுகின்றன. அப்போது வாட்டுதலுக்கு 58,500, அரைத்தல்-உலர்த்துதலுக்கு 51,500, தரம் பிரித்தலுக்கு 30,750, பேக்கிங்குக்கு 45,250 என்று வந்து, கூட்டுத்தொகை 1,86,000 ஆகிறது.

இது வெறும் சமரசக் கணக்கு அல்ல என்பது, பேக்கிங்கை வெளியாளிடம் ஒப்பந்தத்துக்கு விடலாமா என்று முதலாளி கேட்கும்போது தெரியும். ஆள் கணக்கு மட்டும் கையில் இருந்தால், மாதம் 73,625 ரூபாய் மிச்சமாகும் என்று தோன்றும். உண்மையில் கட்டடத்தின் 12,000 ரூபாய் எங்கும் போகாது, மற்ற பிரிவுகளின் மேல் ஏறிக்கொள்ளும். ஆட்களைச் சார்ந்த 33,250 ரூபாயிலும், வேன் அதே தடத்தில் ஓடத்தான் வேண்டும் என்றால் கேன்டீன் பகுதி மட்டுமே குறையும்.

இனிச் சரிபார்ப்பு. அட்டவணையில் பரப்புக் கணக்கின் கூட்டுத்தொகை ஒரு ரூபாய் குறைந்திருப்பது அச்சுப்பிழை அல்ல. நான்கு பங்குகளின் பின்னங்கள் முறையே 41, 29, 94, 35 காசுகள். முழு ரூபாயாக்கும்போது மூன்று கீழே இறங்குகின்றன, ஒன்று மட்டும் மேலே ஏறுகிறது. கீழே இறங்கியவற்றில் பெரிய பின்னம் உள்ள வாட்டுதலுக்கு அந்த ஒரு ரூபாயைச் சேர்த்து 87,530 ஆக்கினால் கணக்கு மூடும். பங்குகளை விட்டுவிட்டு விகிதத்தையே முழுமையாக்குவதுதான் கெடுதல்: சதுர அடிக்கு 9.1176… ரூபாய் என்பதை 9.12 என்று எழுதிப் பெருக்கினால் 48 ரூபாய் மிகும்.

```
=ROUND($B$1*C3/SUM($C$3:$C$6),0)
=$B$1-SUM(D3:D6)
```

விரிதாளின் B1 கட்டத்தில் மொத்தச் செலவும், C3 முதல் C6 வரை பிரிவுகளின் சதுர அடியும், D3 முதல் D6 வரை அவற்றின் பங்குகளும் இருக்கின்றன. முதல் வரி பங்கு, இரண்டாவது வித்தியாசம். நான்கு பிரிவுகளுக்கு இந்த வித்தியாசம் இரண்டு ரூபாயைத் தாண்ட வழியில்லை, ஏனெனில் ஒவ்வொரு பங்கும் அதிகபட்சம் அரை ரூபாய்தான் நகரும். அதைவிடப் பெரிதாக இருந்தால் முழுமையாக்கலைக் குறை சொல்லாமல் வகுக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். கட்டட வரைபடத்தில் நடைபாதையும் படிக்கட்டும் சேர்த்து 24,000 சதுர அடி என்று இருக்க, அந்த எண்ணால் வகுத்தால் பங்குகளின் கூட்டு 1,58,100 மட்டுமே வரும்; மீதி 27,900 ரூபாய் நடைபாதையில் கிடக்கும். இரண்டு காவலாளிகளையும் எண்ணி 50 ஆல் வகுத்தாலும் இப்படித்தான்: 7,440 ரூபாய் குறையும், அதாவது தலைக்கு 3,720 வீதம் இரண்டு பேருடைய பங்கு.

நான் முன்பு பார்த்த ஓர் ஏட்டில் கடைசிப் பிரிவின் பங்கை, மொத்தத்திலிருந்து மற்ற மூன்றையும் கழித்து நிரப்பியிருந்தார்கள். அங்கே சரிபார்ப்புக் கட்டத்தில் எப்போதும் சுழியம்தான் இருக்கும். 27,900 ரூபாயும் சத்தமில்லாமல் பேக்கிங்கின் தலையில் ஏறியிருக்கும். வித்தியாசத்தை ஒரு பிரிவில் சேர்ப்பதாக இருந்தால், சேர்ப்பதற்கு முன்பே அதைத் தனிக் கட்டத்தில் காட்டிவிட வேண்டும்.

சுழியம் வந்தாலும் ஒரு பிழை ஒளிந்திருக்கலாம். பேக்கிங்கின் 2,400 சதுர அடியை 4,200 என்று தட்டச்சு செய்துவிட்டால், `SUM` அந்தத் தவறான எண்ணையே சேர்த்துக் கூட்டும் என்பதால் பங்குகள் மொத்தத்துக்குச் சமமாகவே வரும். இதைப் பிடிக்க, பரப்புகளின் கூட்டை வரைபடத்தின் 24,000 சதுர அடியிலிருந்து நடைபாதை, படிக்கட்டின் 3,600 சதுர அடியைக் கழித்து வரும் எண்ணோடும், ஆட்களின் கூட்டை, சம்பளப் பட்டியலில் காவலாளிகள் நீங்கலான மொத்த ஆள்நாட்களை 25 வேலை நாட்களால் வகுத்து வரும் எண்ணோடும் தனித்தனியே ஒப்பிட வேண்டும்.