பிளீட் பாவாடை தைக்கக் கொடுக்கிறீர்களா? முதலில் உள்பக்கத் தையலை எண்ணுங்கள்

புது தையல்காரர் ஒருவரிடம் சுற்றிலும் நைஃப் பிளீட் வைத்த பாவாடை ஒன்று தைக்கக் கொடுத்தேன். இரண்டரை மீட்டர் துணி வேண்டும் என்றார், கொடுத்தேன். தைத்து வந்ததைப் போட்டு நின்றபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலடி நடந்ததும் பின்பக்க மடிப்புகள் விரிந்து, உட்கார்ந்து எழுந்தால் திரும்பிப் படியவே மாட்டேன் என்றன. கேட்டால், “போகப் போகப் படிஞ்சிடும்மா, உங்க இடுப்பு வாகு அப்படி” என்று பழியை என் மேலேயே போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன். என் இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ., தளர்வுக்கு 4 சேர்த்தால் 96. வெளியே 3 செ.மீ. தெரிகிற மடிப்பு என்றால் மொத்தம் 32 மடிப்புகள். நைஃப் பிளீட் ஒரே திசையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பது. முழு மடிப்பாக இருந்தால், வெளியே தெரியும் 3 செ.மீ.க்குப் பின்னால் 6 செ.மீ. துணி ஒளிந்திருக்கும். அதாவது ஒரு மடிப்புக்கு 9, முப்பத்திரண்டுக்கு 288 செ.மீ. இடுப்பளவைப் போல மூன்று மடங்கு என்று சொல்வது இதைத்தான்.

என் பாவாடையின் கீழோரத்தை மடிப்பு பிரித்து அளந்தேன். 218 செ.மீ. தான்! அப்படியென்றால் ஒரு மடிப்புக்குப் பின்னால் நாலு செ.மீ. கூட இல்லை. ஒரு மடிப்பின் உள்விளிம்பு அடுத்த மடிப்பின் உள்பக்கத்தைத் தொட்டு அணைத்து நின்றால்தான் அது ஆடும்போது விரிந்து, நின்றதும் மூடிக்கொள்ளும். என் பாவாடையில் நடுவில் வெற்றிடம், அணைக்க எதுவும் இல்லை.

துணி எங்கே போனது? உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், இரண்டே இணைப்புத் தையல்கள். நான் கொடுத்த துணியின் அகலம் 112 செ.மீ. 288 வரவேண்டுமானால் மூன்று துண்டுகள் இணைத்திருக்க வேண்டும், மூன்று தையல்கள் இருக்க வேண்டும். ஒரு துண்டு அவர் கடையிலேயே தங்கிவிட்டது. அதிலும் ஒரு தையல், மடிப்பின் உள்விளிம்பில் மறையாமல் வெளிமுகத்திலேயே ஓடியது. இந்த ஒன்றைப் பார்த்தாலே போதும், கணக்குப் போடாமல் வெட்டியிருக்கிறார் என்று தெரியும். மூன்றாவது பீஸ் பற்றிக் கேட்டேன். “வெட்டுல வேஸ்ட் ஆயிடுச்சு” என்றார்.

இதோடு முடியவில்லை. “பெர்மனென்ட் பிளீட்” என்று தனியாகக் காசு வாங்கியிருந்தார். துணியோ விஸ்கோஸ். முதல் அலசலிலேயே மடிப்பெல்லாம் மங்கி, காகிதத்தைக் கசக்கி விரித்தது போல ஆகிவிட்டது. துருத்தி போல நெருக்கமாக மடிந்து நிற்கும் அக்கார்டியன் பிளீட் துவைத்தாலும் நிற்பதற்குக் காரணம் பாலியெஸ்டர். காகித அச்சுக்குள் வைத்து நீராவி கொடுத்தால் அந்த இழை சூட்டில் இளகி, ஆறும்போது மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அதில் கீழோரத்தை முதலில் தைத்துவிட்டுப் பிறகு அச்சுக்குப் போடுவார்கள். பருத்தியும் விஸ்கோஸும் இஸ்திரி மடிப்பை ஈரம் பட்டதும் விட்டுவிடும். கடைக்காரர் “பெர்மனென்ட்” என்றால், மடித்த வெட்டுத் துண்டு ஒன்றை வாங்கி, நனைத்து, தொங்கவிட்டுக் காயவைத்துப் பாருங்கள்.

தம்பியின் பேன்ட்டையும் அவரிடமே கொடுத்திருந்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். பேன்ட்டின் பிளீட்டும் நைஃப் வகைதான். ஜிப்பைப் பார்த்துச் சாய்ந்தால் ஃபார்வர்ட், பாக்கெட்டைப் பார்த்தால் ரிவர்ஸ். ஆழம் பெரும்பாலும் 2, 3 செ.மீ. தான். நிற்கும்போது மூடியிருந்து, உட்காரும்போது திறந்து தொடைக்கு இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. தம்பிக்கு நின்ற நிலையிலேயே வாயைப் பிளந்தது. அவர் மடிப்பை மட்டும் வைத்துவிட்டு இடுப்புச் சுற்றை பிளீட் இல்லாத பேன்ட் அளவிலேயே வெட்டியிருந்தார். பக்கத் தையலுக்குள் துணி விட்டிருந்தால் பிரித்து விரிக்கலாம். அவர் விட்டால்தானே.

பாவாடையை இன்னொரு தையற்கார அம்மா பிரித்துப் பார்த்து, “இதுல நைஃப் வராது, இன்வர்ட்டட் போட்டுத் தரேன்” என்றார். பாக்ஸ் பிளீட்டைக் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். பாக்ஸில் இரண்டு மடிப்புகள் எதிரெதிர்த் திசையில் திரும்பி நிற்பதால் துணி வெளியே புடைத்து இடுப்பைப் பெரிதாகக் காட்டும். அதையே புரட்டிப் போட்டதுதான் இன்வர்ட்டட். இரு விளிம்புகளும் நடுவில் சந்திக்கும், துணியெல்லாம் உள்ளே போய்விடும். ஒவ்வொன்றும் 15 செ.மீ. விழுங்கும் எட்டு மடிப்புகள் வைத்தார். மடிப்பு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு சாண் கீழே வரை தைத்து மூடினார், உள்விளிம்புகளில் மெல்லிய தையல் ஓட்டினார். அந்தத் தையல் இருப்பதால் துவைத்தாலும் மடிப்புக் கோடு தொலைவதில்லை.

நைஃப் பாவாடை கேட்டுப் போனவளுக்கு இன்வர்ட்டட் பாவாடையும், ஒரு துண்டு துணி நஷ்டமும்.