எஸ்பிஆரா, எம்பிபிஆரா: காலையில் தொட்டியைப் பார்த்தால் என்ன தெரியும்?

60 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 125 லிட்டர் கழிவுநீர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30,000 லிட்டர். இதைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு, அதாவது எஸ்டிபிக்கு, கொட்டேஷன் கேட்டால் பெரும்பாலும் இரண்டு முறைகளின் பெயர்கள் முன்னால் வரும்: எஸ்பிஆர், எம்பிபிஆர். எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, தினமும் காலையில் யார் தொட்டியைப் பார்க்கப்போகிறார்கள் என்பதைத்தான். இரண்டும் கெட்டுப்போகும் விதம் வேறு, கெடுவதைக் கண்டுபிடிக்கும் விதமும் வேறு.

தொடக்கமும் முடிவும் இரண்டுக்கும் ஒன்றே. கழிவுநீர் முதலில் கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக், முடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எண்ணெய்ப் பொறியைத் தாண்டி, சமன்செய் தொட்டிக்கு வருகிறது. காலை 6 மணி முதல் 9 மணிக்குள் மட்டும் சுமார் 10,000 லிட்டர் வந்துவிடும் என்பதால் இந்தத் தொட்டி தாராளமாக இருக்க வேண்டும். கடைசியில் மணல் ஃபில்டர், கரி ஃபில்டர், குளோரின். நடுவில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும் இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

எஸ்பிஆரில் ஒரே தொட்டி எல்லா வேலையையும் முறைவைத்துச் செய்கிறது. நம் கணக்கில் ஒரு சுற்றுக்கு ஆறு மணி நேரம்: நிரப்பிக் காற்றூட்ட நான்கு மணி, அசையாமல் படியவிட ஒரு மணி, மேலே தெளிந்த நீரை டிகேன்டர் வழியாக இறக்க ஒரு மணி. நாளைக்கு நான்கு சுற்று, சுற்றுக்கு 7,500 லிட்டர். நுண்ணுயிர்கள் பழுப்புக் கசடாக நீரில் மிதந்தபடி இருக்கும். தனியாகப் படிவுத் தொட்டி வேண்டாம்.

எம்பிபிஆரில் தொட்டிக்குள் சிறு சக்கரம் போன்ற பிளாஸ்டிக் மீடியா ஆயிரக்கணக்கில் சுழலும். நுண்ணுயிர்கள் அதன் உட்சுவரில் படலமாக ஒட்டி வாழும். நீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கழன்று வரும் படலத்தைப் பிடிக்கப் பின்னால் ஒரு படிவுத் தொட்டி கட்டாயம்.

இனி காலைப் பரிசோதனைக்கு வருவோம். எஸ்பிஆரின் நாடித்துடிப்பு ஒரு லிட்டர் ஜாடியில் இருக்கிறது. காற்றூட்டம் முடியப்போகும் நேரத்தில், தொட்டி நிறைந்திருக்கும்போது, ஒரு லிட்டர் கலங்கலை அளவுக் குறியிட்ட ஜாடியில் எடுத்து, அசைக்காமல் அரைமணி நேரம் வைக்க வேண்டும். நல்ல கசடு சாக்லெட் நிறத்தில், மழைமண் வாசனையோடு இருக்கும். முதல் ஐந்து நிமிடத்தில் திரள் திரளாகக் கூடி இறங்க ஆரம்பிக்கும். முப்பதாவது நிமிடம் 350 மி.லி. கோட்டில் கசடும், மேலே தெளிந்த நீரும் நின்றால் நிம்மதி.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதைத் தொட்டியின் அளவை வைத்தே பார்க்கலாம். தொட்டி நிறைந்தால் ஆழம் 3.5 மீட்டர், டிகேன்டர் மேலிருந்து 1 மீட்டர் நீரை இறக்கி 2.5 மீட்டரில் நிற்கும் என்று கொள்வோம். ஜாடியில் 350 என்றால் தொட்டிக்குள் கசடு ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம்; டிகேன்டருக்குக் கீழே 1.3 மீட்டர் இடைவெளி. 600 ஆனால் கசடு 2.1 மீட்டர், இடைவெளி 40 சென்டிமீட்டர்தான். 700ஐத் தொட்டால் 2.45 மீட்டர். அன்றைக்கு டிகேன்டர் கசடையும் சேர்த்து உறிஞ்சும், மணல் ஃபில்டர் அடைக்கும், சுத்திகரித்த நீர் போய்ச்சேரும் ஃப்ளஷ் தொட்டியில் பழுப்பு நீர் வரும். ஆனால் 350இலிருந்து 700க்கு ஏற பல நாட்கள் ஆகும். தினமும் எண்ணை எழுதிவைப்பவருக்கு நிறைய அவகாசம் இருக்கிறது.

எண் ஏறினால் உடனே கசடை வெளியேற்றுவதுதான் பழக்கம். அதற்கு முன் இன்னொரு ஜாடி வையுங்கள். அரை லிட்டர் கலங்கல், அரை லிட்டர் சுத்திகரித்த நீர். முதல் ஜாடியில் 800 நின்றது இதில் 300க்கு இறங்கினால், கசடு நல்லதுதான், கூட்டம் அதிகம், வெளியேற்றினால் போதும். பாதியாக நீர்த்தபிறகும் 650, 700 என்று நின்றால் கசடைப் படியவிடாத இழை நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று அர்த்தம். காற்று போதவில்லையா, எண்ணெய்ப் பொறி நிரம்பி வழிகிறதா என்று அங்கே தேட வேண்டும். இந்த எளிய சோதனை தெரியாமல் நல்ல கசடை லாரி லாரியாக அனுப்பிவிட்டு, பிறகு நுரை பொங்கும் தொட்டியோடு வாரக்கணக்கில் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எம்பிபிஆரில் இந்த ஜாடி அதிகம் பேசாது. உயிர் நீரில் இல்லை, மீடியாவில் இருக்கிறது. ஜாடியின் அடியில் கொஞ்சம்தான் படியும். (படிவுத் தொட்டிக் கசடைத் திரும்ப அனுப்பும் கலப்பு முறை என்றால் ஜாடி அங்கேயும் உதவும்.) பதிலாக நீர்ப்பரப்பைப் பார்க்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் இருப்பது எம்பிபிஆர். ஒரு முறை வெளிவரும் நீர் இரண்டு வாரமாகக் கலங்கலாகவே வந்தது. பராமரிப்பவர்கள் ஹைப்போ என்ற குளோரின் கரைசலைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நான் இறங்கிப்போய்ப் பார்த்தபோது தொட்டியின் ஒரு மூலையில் நீர் கொதிப்பதுபோல் பொங்கிக்கொண்டிருந்தது. எதிர் மூலையில் மீடியா அசையாமல் கம்பளம்போல் மிதந்தது. தொட்டியின் அடியில் காற்றைக் குமிழ்களாக விடும் டிஃப்யூசர்களில் ஒன்றின் ரப்பர் கிழிந்து, காற்றெல்லாம் அந்த வழியாகப் போயிருக்கிறது. நின்றுபோன பக்கத்திலிருந்து ஒரு மீடியாவை எடுத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்புச் சளி, அழுகிய முட்டை நாற்றம். பொங்கும் பக்கத்து மீடியாவில் மெல்லிய பழுப்புப் படலம், வெல்வெட் மாதிரி. இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்துவிட்டது. புது டிஃப்யூசர் போட்டபிறகும் நீர் தெளிய ஒரு மாதம் ஆனது. படலம் வளர அவ்வளவு நேரம் எடுக்கும்.

எனவே எம்பிபிஆருக்குக் காலை வேலை மூன்று. பரப்பு முழுவதும் சீராகப் பொங்குகிறதா பாருங்கள். வெளியேறும் சல்லடைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் பாருங்கள். முன்னால் உயர்ந்தால் சல்லடை அடைபடுகிறது, விட்டால் மீடியா வழிந்து அடுத்த தொட்டிப் பம்பில் சிக்கும். வாரத்தில் சில நாள் ஒரு மீடியாவை எடுத்து நிறம் பாருங்கள்.

காற்றை ஊதித் தரும் புளோயரின் அழுத்தமானி இரண்டுக்கும் பொது. வழக்கமான அளவிலிருந்து மெல்ல ஏறினால் டிஃப்யூசர் அடைகிறது, திடீரென விழுந்தால் எங்கோ கிழிந்திருக்கிறது அல்லது குழாய் கழன்றிருக்கிறது. குளோரினும் அப்படித்தான்: அரைமணி கலந்தபின் லிட்டருக்கு 0.5 முதல் 1 மி.கி. மீதம் இருக்க வேண்டும். எவ்வளவு ஊற்றினாலும் மீதமே காட்டவில்லை என்றால் தப்பு குளோரினில் இல்லை, அதற்கு முந்தைய தொட்டியில் தேடுங்கள்.

என் தேர்வைச் சொல்கிறேன். முழுநேர ஆபரேட்டர் இருந்து, அவர் தினமும் ஜாடி எண்ணை எழுதுவார் என்றால் எஸ்பிஆர். நீர் நன்றாக வரும், நோய் முன்கூட்டியே தெரியும். ஆனால் டைமரும் வால்வும் பழுதானால் சுற்று முழுவதும் குழம்பும். படியும் நேரம் அளவுக்கு மீறி நீண்டால் கசடில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகி, அடியில் கிடந்தது மேலே மிதந்து வரும். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஆள் வரும் கட்டடம், விடுமுறைக்குப் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கும் கட்டடம் என்றால் எம்பிபிஆர். ஒட்டியிருக்கும் உயிர் திடீர் வெள்ளத்தில் அடித்துப்போகாது.

எம்பிபிஆர் எடுப்பதானால் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: டிஃப்யூசர்கள் மேலிருந்தே தூக்கிக் கழற்றும்படி இருக்க வேண்டும். தரையில் பதித்தவை என்றால் ஒன்று கிழிந்தாலும் தொட்டியைக் காலிசெய்து மனிதரை உள்ளே இறக்கச் சொல்வார்கள். அந்தத் தொட்டிக்குள் தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.